யூஇஎஃப்ஐ இல்லாத பழைய கணினிக் கூடம்: மாற்றுவதா, லினக்ஸ் நிறுவுவதா?

துணைப்பாட நிலையங்களை நடத்துவோரும் அங்கே கணினிகளைப் பராமரிக்கும் தொண்டூழியர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் தனிப்பட்ட கற்றல் சாதனம் கிடைத்துவிட்ட பிறகு, கணினிக் கூடங்களில் இருந்த 2009, 2010ஆம் ஆண்டுக் கணினிகள் இத்தகைய நிலையங்களுக்கு வந்து சேர்வதுண்டு. அவற்றை முன்னிறுத்தியே இங்கு எழுதியிருக்கிறேன். கணினியைத் தொடக்கிவைக்க மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலை ஃபர்ம்வேர் என்பார்கள். அதன் பழைய வகை பயோஸ், புதிய வகை யூஇஎஃப்ஐ.

ஒரு பள்ளி தன் பழைய கணினிகள் இருபதை எங்களுக்குக் கொடுத்தது. யூஇஎஃப்ஐ கிடையாது, விண்டோஸ் 11 ஏறாது. எல்லாவற்றையும் மாற்றிவிடுவதா, லினக்ஸ் போட்டு ஓட்டுவதா?

இருபதுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. மாணவர்கள் இணையத்தில் படிக்கவும் தட்டச்சு செய்யவும் பயன்படுத்தி, பாடம் முடிந்ததும் எதையும் விட்டுச் செல்லாத கணினிகளுக்கு, தொடர்ந்து புதுப்பிப்புப் பெறும் ஓர் எளிய லினக்ஸ் போதும். மாணவர்களின் அடையாள விவரங்கள், பெற்றோர் தொடர்பு எண்கள், கட்டணக் கணக்கு ஆகியவற்றை ஆசிரியரோ அலுவலரோ திறக்கும் கணினியை மாற்றுங்கள். அந்த ஓரிரு கணினிகளுக்குப் பணம் செலவழிப்பதில் தயங்க வேண்டாம். மற்றவற்றுக்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

யூஇஎஃப்ஐ இல்லை என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? விண்டோஸில் 'Legacy' என்றுதான் காட்டுகிறது.

அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. விண்டோஸின் `msinfo32` காட்டும் "BIOS Mode: Legacy" என்ற வரி, கணினி இப்போது எந்த முறையில் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது, அதன் ஃபர்ம்வேரால் வேறு எந்த முறையில் தொடங்க முடியும் என்பதைச் சொல்வதில்லை. 2011, 2012 வாக்கில் வந்த பல மதர்போர்டுகளில் யூஇஎஃப்ஐ உண்டு. ஆனால், அன்றைய விண்டோஸ் 7 நகலை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி ஏற்றுவதற்காகப் பழைய முறையிலேயே நிறுவியிருப்பார்கள். லினக்ஸிலும் இதே குழப்பம் உண்டு: `/sys/firmware/efi` என்ற கோப்புறை இல்லையென்றால், இம்முறை பழைய முறையில் தொடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. ஃபர்ம்வேரையே கேட்க, ஒரு லைவ் தம்ப்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி இந்த வரியை ஓட்டுங்கள்:

```
sudo dmidecode -t bios | grep -i uefi
```

"UEFI is supported" என்று வந்தால், பயோஸ் அமைப்புகளுக்குள் சென்று தொடக்க முறையை மாற்றிப் பாருங்கள். எதுவும் வராவிட்டால், மதர்போர்டின் பெயரைக் கொண்டு அதன் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அது பழைய பயோஸ் மட்டுமே கொண்ட கணினி என்று முடிவுசெய்யலாம். யூஇஎஃப்ஐ இருந்துவிட்டால் செக்யூர் பூட்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விண்டோஸ் 8 காலத்துக்கு முந்தைய பல கணினிகளில் முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது.

செக்யூர் பூட் இல்லாவிட்டால் உண்மையில் எதை இழக்கிறோம்?

பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே இழக்கிறோம். ஆனாலும் இழக்கிறோம் என்பதால், எதை என்று துல்லியமாகத் தெரிந்திருப்பது நல்லது.

செக்யூர் பூட் ஒரு சங்கிலியைக் காக்கிறது. ஃபர்ம்வேர் முதல் பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். அது லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பைச் சரிபார்க்கும். கிரப் கெர்னலைச் சரிபார்க்கும். பழைய பயோஸில் இந்தச் சங்கிலியே இல்லை. பயோஸ் வன்வட்டின் முதல் செக்டரைப் படித்து, அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் வழக்கமான அடையாளம் இருந்தால், அதிலுள்ள நிரலை அப்படியே ஓட்டிவிடும். அதை எழுதியது யார் என்று அது கேட்பதில்லை. ஆகவே கணினியின் முழு நிர்வாக உரிமையான ரூட் உரிமையைப் பெற்றுவிட்ட ஒருவர், அந்த செக்டரிலோ அதை அடுத்து கிரப் தன் நிரலை வைத்திருக்கும் இடைவெளியிலோ தீய நிரலை எழுதிவிட்டால், இயங்குதளம் விழிக்கும் முன்பே அது விழித்துக்கொள்ளும். நாம் இழப்பது இந்தத் தாக்குதலுக்கு எதிரான காப்பை.

ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அந்த நிரலை எழுத ரூட் உரிமை வேண்டும், அல்லது கணினியை வேறோர் ஊடகத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எனவே முதல் கதவு வேறெங்கோ இருக்கிறது. இரண்டு, கணினிக் கூடத்தில் மிகச் சாதாரணமாக நடக்கக்கூடிய தாக்குதலை, அதாவது லைவ் தம்ப்டிரைவைச் செருகி வன்வட்டைப் படிப்பதை, செக்யூர் பூட் தடுப்பதே இல்லை. உபுண்டு, டெபியன் முதலியவற்றின் நிறுவல் ஊடகங்கள் செல்லத்தக்க கையொப்பத்துடனேயே வருகின்றன. செக்யூர் பூட் அவற்றை வரவேற்று உள்ளே விடும். அதைத் தடுப்பவை பயோஸ் மறைச்சொல்லும் வன்வட்டுக் குறியாக்கமும் மட்டுமே. முன்னது பழைய கணினியிலும் உண்டு.

முதல் செக்டர் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு நடைமுறை வழி இருக்கிறது. ஒரு கணினியைச் சரியாக அமைத்து, அதன் வன்வட்டை முழுமையாக மற்றவற்றுக்கு நகலெடுத்தால், எல்லாவற்றிலும் முதல் ஒரு மெபிபைட் ஒன்றாகவே இருக்கும். இன்றைய நிறுவல்களில் முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டரில் தொடங்குவதால், பூட் நிரலும் கிரப்பின் இடைவெளியும் அந்த ஒரு மெபிபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மாதம் ஒருமுறை நம்பகமான லைவ் தம்ப்டிரைவிலிருந்து தொடங்கி இதை ஓட்டுங்கள்:

```
sudo dd if=/dev/sda bs=512 count=2048 status=none | sha256sum
```

முன்பே `lsblk` ஓட்டி, `/dev/sda` என்பது வன்வட்டுதானா, நீங்கள் செருகிய தம்ப்டிரைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணினிகளிலும் ஒரே விடை வந்து ஒன்றில் மட்டும் வேறு வந்தால், அதை வலையமைப்பிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் நகலெடுங்கள். கிரப் புதுப்பிப்பு வந்து அதன் நிரல் மீண்டும் எழுதப்பட்டால் விடை மாறும். அப்போது எல்லாக் கணினிகளிலும் மாறியிருக்க வேண்டும். இந்தச் சோதனையை வன்வட்டிலுள்ள இயங்குதளத்திலிருந்தே செய்வதால் பயன் குறைவு. ஏற்கெனவே தொற்றியிருக்கும் நிரல் பொய்யான விடையைக் காட்டிவிட முடியும்.

மாணவர் ஒருவர் தொடங்கும்போதே குறுக்கிட்டு ரூட் ஆகிவிட முடியுமா?

பூட்டாமல் விட்டால் அரை நிமிடத்தில் முடியும். கிரப் பட்டியல் திரையில் `e` விசையை அழுத்தி, கெர்னல் வரியின் முடிவில் `init=/bin/bash` என்று சேர்த்துத் தொடங்கினால், மறைச்சொல் கேட்காமலே ரூட் ஷெல் கிடைக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு காணொளி போதும். பழைய முறையில் தொடங்கும் கூடத்தில் நான் முதலில் அடைக்கச் சொல்வது இந்த ஓட்டையைத்தான்.

முதலில் பயோஸுக்குள் நிர்வாகி மறைச்சொல் வைத்து, வன்வட்டு ஒன்றிலிருந்து மட்டும் தொடங்குமாறு வரிசையை அமையுங்கள். தொடங்கும்போது தோன்றும் சாதனத் தெரிவுப் பட்டியலும் அந்த மறைச்சொல்லைக் கேட்கிறதா என்று சோதியுங்கள். சில பழைய பயோஸ்களில் கேட்காது, அப்படியானால் அந்தப் பட்டியலையே முடக்க வேண்டும். பிறகு `grub-mkpasswd-pbkdf2` ஓட்டி, அது தரும் நீண்ட வரியை இப்படிச் சேருங்கள்:

```
# /etc/grub.d/40_custom
set superusers="admin"
password_pbkdf2 admin grub.pbkdf2.sha512.10000...
```

இத்தோடு நிறுத்திவிட்டால், ஒவ்வொரு காலையும் கணினியைத் தொடங்கவே மறைச்சொல் கேட்கும். ஆசிரியர் கைபேசியில் அழைத்துக் கேட்பார், சில நாளில் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். வழக்கமான தொடக்கத்துக்கு மறைச்சொல் வேண்டாம், திருத்துவதற்கு மட்டும் வேண்டும் என்று அமைக்க, `/etc/grub.d/10_linux` கோப்பில் உள்ள `CLASS` வரியின் மேற்கோளுக்குள் `--unrestricted` என்பதைச் சேர்க்க வேண்டும். `/etc/default/grub` கோப்பில் `GRUB_DISABLE_RECOVERY="true"` என்றும் இட்டு, `sudo update-grub` ஓட்டுங்கள். ஒரு பின்விளைவு உண்டு. `10_linux` கோப்பைத் திருத்தியிருப்பதால், அந்தக் கோப்பைப் புதிய கிரப் பதிப்பு மாற்ற முற்படும்போது தானியங்கிப் புதுப்பிப்பு அந்தத் தொகுப்பைத் தொடாமல் தள்ளிவைத்துவிடும். அதை நீங்களே கையால் முடிக்க வேண்டும்.

கணினிப் பெட்டியைத் திறந்து மின்கலத்தைக் கழற்றினால் பல மதர்போர்டுகளில் பயோஸ் மறைச்சொல் அழிந்துவிடும் என்பதால், பெட்டிக்கு ஒரு சிறிய பூட்டும் தேவை. பெரும்பாலான அலுவலகக் கணினிகளின் பின்புறத்தில் அதற்கான வளையம் இருக்கும்.

பிராசஸரிலேயே ஓட்டைகள் இருக்கின்றன என்கிறார்களே, லினக்ஸ் அவற்றை அடைத்துவிடுமா?

பாதியை அடைக்கும். பழைய கணினியை வைத்துக்கொள்வதன் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. யூஇஎஃப்ஐ இல்லாததைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய குறைகள் வெளிவந்தபோது, அவற்றை அடைக்க இரண்டு வகை மருந்துகள் தேவைப்பட்டன: கெர்னலில் மாற்றம், பிராசஸருக்குள்ளேயே இயங்கும் நிரலான மைக்ரோகோடில் மாற்றம். முன்னதை லினக்ஸ் தருகிறது. பின்னதைப் பிராசஸர் நிறுவனம்தான் தர வேண்டும். கோர் 2 டுவோ உள்ளிட்ட பழைய குடும்பங்களுக்கு அதைத் தரப்போவதில்லை என்று இன்டெல் 2018 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. இந்த நிலையை உங்கள் கணினியே சொல்லும்:

```
grep -r . /sys/devices/system/cpu/vulnerabilities/
```

கோர் 2 டுவோவில் `meltdown` என்ற வரிக்கு எதிரே "Mitigation: PTI" என்றும், `spectre_v2` வரியில் "Retpolines" என்றும் காணலாம், இரண்டும் கெர்னல் தனித்தே செய்யும் காப்புகள். பின்னர் வெளிவந்த இன்னொரு குறைக்கான `mds` வரியில் "Vulnerable: Clear CPU buffers attempted, no microcode" என்று வரும். காப்பு முயற்சி நடந்தது, ஆனால் மைக்ரோகோட் இல்லாததால் அது பலிக்கவில்லை என்பது இதன் பொருள். இந்த வரியை எந்த லினக்ஸ் பதிப்பும் மாற்றப்போவதில்லை.

இதன் விளைவு என்ன? ஒரே கணினியில் ஓடும் ஒரு நிரல், அதே நேரத்தில் அங்கே ஓடும் இன்னொரு நிரலின் தரவைத் துளித்துளியாகக் கசியவைக்கக் கூடும். தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் குறை அல்ல இது. கசிவதற்கு அங்கே மதிப்புள்ள தரவு இருந்தால்தான் ஆபத்து. மாணவர் கணினியில் அப்போது திறந்திருப்பது அவருடைய பாடக் கணக்கு மட்டுமே. ஃபயர்பாக்ஸ் தளங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் பிரித்து வைப்பதும், நேரத்தை நுணுக்கமாக அளக்க முடியாதபடி செய்வதும் அந்தத் தாக்குதலை மேலும் கடினமாக்குகின்றன. அலுவலரின் கணினியிலோ வங்கிப் பக்கமும் மாணவர் பட்டியலும் நாள் முழுவதும் அருகருகே திறந்திருக்கும். அந்தக் கணினியை மாற்றச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். கோர் 2 டுவோவில் குறியாக்கத்துக்கான தனிக் கட்டளைகள் இல்லாததால், வன்வட்டை முழுதும் குறியாக்கினால் அது கண்கூடாக மெதுவாகிவிடும் என்பது இரண்டாவது காரணம்.

எந்த லினக்ஸ்? 32 பிட் கணினிகளும் சில உள்ளன.

டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலுடன். 2025 ஆகஸ்டில் வெளிவந்த இப்பதிப்பு பழைய பயோஸ் முறையில் சிக்கலின்றி நிறுவிக்கொள்கிறது. நீண்ட கால ஆதரவையும் சேர்த்தால் 2030 ஜூன் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். ரெட்ஹேட் 9 போன்றவை பிராசஸரிடம் எதிர்பார்க்கும் சில கட்டளைகள் கோர் 2 டுவோவில் இல்லை. எனவே அவை தொடங்கவே தொடங்கா. நிறுவும்போது ஜிபிடியைத் தவிர்த்துப் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையையே தேர்ந்தெடுங்கள். ஜிபிடி வட்டைக் கண்டால் தொடங்க மறுக்கும் பயோஸ்கள் உண்டு. 2 டெராபைட்டுக்குக் குறைந்த வட்டில் ஜிபிடியால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மையும் எதுவுமில்லை.

32 பிட் மட்டுமே கொண்ட கணினிகளை விட்டுவிடுங்கள். டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியையும் கெர்னலையும் கைவிட்டுவிட்டது.

ஒரு மாணவர் விட்டுச்சென்ற மின்னஞ்சல் கணக்கு அடுத்தவருக்குத் திறந்தபடி கிடைக்காமல் எப்படித் தடுப்பது?

மாணவருக்கான பொதுக் கணக்கின் முகப்புக் கோப்புறையை ரேமில் வையுங்கள். கணினி அணைந்ததும் அதிலுள்ள யாவும் மறைந்துவிடும். `/etc/fstab` கோப்பில் ஒரு வரி போதும். பயனர் எண்ணை `id student` கட்டளையால் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

```
tmpfs /home/student tmpfs size=1G,mode=0700,uid=1001,gid=1001,nosuid,nodev 0 0
```

மறவாமல் கவனிக்க வேண்டியது, வெளியேறுவதால் மட்டும் இது அழியாது. மறுதொடக்கம் செய்தால்தான் அழியும். வகுப்பு மாறும்போது எல்லாக் கணினிகளையும் மறுதொடக்கம் செய்வதை ஆசிரியரின் வழக்கமாக்குங்கள். ரேம் 4 ஜிகாபைட்டாவது இருக்க வேண்டும். 2 ஜிகாபைட்டில் இன்றைய உலாவி நாலைந்து பக்கங்களிலேயே திணறும்.

புதிதாக நிறுவிய கணினியில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. சான்றிதழ் பிழை என்கிறது. வைரஸா?

தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருந்தால், மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும்போது கடிகாரம் 2009 அல்லது அதைப் போன்ற ஓர் ஆண்டுக்குப் பின்னோக்கிப் போயிருக்கும். இணையத் தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் உலாவி மறுக்கும். `apt update` கூட "Release file is not valid yet" என்று நின்றுவிடும், அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிடும். அதோடு பயோஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பி, தம்ப்டிரைவிலிருந்து தொடங்கும் வழி மறுபடி திறந்திருக்கலாம். எல்லாக் கணினிகளிலும் மின்கலத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு, பிறகு பயோஸை அமையுங்கள்.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அப்படியே வைத்திருந்தால் என்ன?

அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம் என்ற எண்ணமும் கோர் 2 டுவோவில் பலிக்காது. 24எச்2 பதிப்பு அந்தப் பிராசஸரில் இல்லாத கட்டளைகளைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது.

இருபது கணினிகளுக்கும் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

இப்படிக் கொள்வோம். இருபதையும் சோதித்ததில் நான்கில் யூஇஎஃப்ஐ இருப்பது தெரிகிறது. அவை மூன்றாம் தலைமுறை ஐ5 கணினிகள். பதின்மூன்று, 4 ஜிகாபைட் ரேம் கொண்ட கோர் 2 டுவோ கணினிகள். மூன்றில் 2 ஜிகாபைட் மட்டுமே. எட்டாம் தலைமுறைச் சிறுகணினி ஒன்று பழையதாக 250 வெள்ளி, 120 ஜிகாபைட் எஸ்எஸ்டி 25 வெள்ளி, மின்கலம் 2 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் நாளின் விலையை சிம் லிம் ஸ்குவேரில் விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

இருபதையும் மாற்றினால் 5,000 வெள்ளி. பிரித்துச் செய்தால், அலுவலருக்கும் ஆசிரியருக்கும் இரண்டு கணினிகள் 500 வெள்ளி. லினக்ஸுக்குப் போகும் பதினேழு கணினிகளுக்கு எஸ்எஸ்டியும் மின்கலமும் 459 வெள்ளி. ஆக 959 வெள்ளி. அந்த நான்கு ஐ5 கணினிகளை யூஇஎஃப்ஐ முறையில் தனியாக நிறுவுங்கள். முன்சொன்ன முதல் மெபிபைட் ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்காதீர்கள். மீதி மூன்றையும் உதிரிப் பாகங்களுக்காக ஒதுக்குங்கள். பதின்மூன்றில் ஒன்றின் மின்வழங்கி பழுதானால் அவை கைகொடுக்கும்.

மின்கட்டணத்தைக் காட்டி மாற்றச் சொல்பவர்களும் உண்டு. பழைய கணினி 70 வாட், புதிய சிறுகணினி 15 வாட் என்று கொண்டால் வேறுபாடு 55 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு இருநூறு நாள் என்றால் 44 கிலோவாட் மணி. ஒன்றுக்கு ஏறத்தாழ 30 காசு வீதம் ஆண்டுக்கு 13 வெள்ளி. 250 வெள்ளியை அதில் மீட்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். எனவே மின்சாரம் இந்த முடிவைத் தீர்மானிப்பதில்லை. தொண்டூழியரின் நேரம் தீர்மானிக்கும்: மாதம் ஒரு பிற்பகல் புதுப்பிப்புகளையும் மேற்சொன்ன சோதனையையும் கவனிக்க ஒருவர் உறுதியாகக் கிடைக்காவிட்டால், லினக்ஸ் கணினிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, அவரால் பார்த்துக்கொள்ள முடிந்த அளவோடு நிறுத்துங்கள்.

இவற்றை அலுவலகக் கணினிகள் இருக்கும் அதே வைஃபையில் இணைக்கலாமா?

வேண்டாம். ரூட்டரில் விருந்தினர் வலையமைப்பை இயக்கி, மாணவர் கணினிகளை அதில் மட்டும் இணையுங்கள். மாணவர் விவரங்களை நியாயமான பாதுகாப்புடன் வைத்திருக்கும் பொறுப்பு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியார் துணைப்பாட நிலையங்களுக்கும் உண்டு. அந்த விவரங்கள் இருக்கும் கணினியும், மைக்ரோகோட் ஓட்டை அடைபடாத கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதாகச் சொல்வது கடினம். கணினிகள் இன்னும் பள்ளிக்குள்ளேயே இருந்தால், இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் நீங்களாகச் செய்யாமல் பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் முதலில் பேசுங்கள்.

கழித்துக்கட்டும் கணினிகளை என்ன செய்வது?

வன்வட்டைத் துடைத்த பிறகே வெளியே கொடுங்கள்; பள்ளியின் பழைய கோப்புகள் அதில் இருக்கலாம். சுழலும் வட்டுக்கு `sudo shred -n 1 -v /dev/sdX` போதும்; `X` இருக்கும் இடத்தில் சரியான எழுத்தை `lsblk` பார்த்து இடுங்கள். துடைக்க முடியாதபடி வட்டு பழுதாகியிருந்தால் அதைக் கழற்றித் துளையிடுங்கள். 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தின்கீழ் கணினிகளும் அடங்கும் என்பதால், அவற்றைக் குப்பைச் சரிவுக் குழாய்க்கு அருகில் விடாமல் அத்திட்டத்தின் சேகரிப்பிடத்தில் ஒப்படையுங்கள். கழற்றிய மின்கலங்களையும் அங்கேயே தனியாகக் கொடுங்கள்.